ஒன்று போட்டால் மூன்று வந்தாலும் நட்டமா? விளம்பரச் செலவை முடிவு செய்யும் இரண்டு நெகிழ்ச்சிகள்

"விளம்பரத்துக்கு ஒன்று போட்டோம், விற்பனை மூன்று கூடியது." வியாபாரக் கூட்டங்களில் இந்த வாக்கியத்துக்குக் கைதட்டல் கிடைக்கும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த விளம்பரத்தால் நிறுவனத்தின் லாபம் குறைந்திருக்கலாம். எதிர்முனையில் இன்னொருவர், "விளம்பரத்துக்கு வருவாயில் 5 சதவீதம்தான், அதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்" என்பார். ஏன் 5, ஏன் 2 இல்லை, ஏன் 12 இல்லை என்று கேட்டால் பதில் வராது.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பதிலை 1954-இலேயே ராபர்ட் டார்ஃப்மன், பீட்டர் ஸ்டைனர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். அவர்கள் கண்ட விதி ஒரே வரிதான். அந்த வரியை மனப்பாடம் செய்வது சுலபம். அது ஏன் அப்படி இருக்கிறது என்று பிடிபட்டால்தான் எங்கே பயன்படும், எங்கே காலை வாரும் என்று தெரியும். அதனால் விதியைக் கடைசியில் வைத்துக்கொண்டு அடியிலிருந்து போவோம்.

## யாருக்கு இந்தக் கேள்வியே எழுகிறது?

ஒரே தரத்துக் கோதுமையை ஆயிரம் விவசாயிகள் விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒருவர் மட்டும் "என் கோதுமையை வாங்குங்கள்" என்று விளம்பரம் கொடுத்தால் என்ன ஆகும்? சந்தை விலைக்கு அவரால் எவ்வளவு வேண்டுமானாலும் விற்க முடியும். விளம்பரம் இல்லாமலேயே முடியும். விளம்பரத்தைப் பார்த்துக் கோதுமை வாங்கப் போனவரும் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிவிட்டுப் போய்விடுவார். இதுதான் நிறைவுப் போட்டி. இங்கே விளம்பரம் வீண்.

இப்போது முதுகுப்பை விற்கும் நிறுவனங்களை எண்ணிப் பாருங்கள். விற்பவர்கள் நிறையப் பேர். புதிதாக யாரும் உள்ளே வரலாம். ஆனால் ஒருவர் பை இன்னொருவர் பை போல இல்லை. தையல், வடிவம், பெயர், நம்பிக்கை எல்லாம் வேறு. விலையைக் கொஞ்சம் ஏற்றினால் வாங்குபவர்களில் சிலர் போவார்கள், எல்லோரும் போகமாட்டார்கள். தன் பையைப் பொறுத்தவரை ஒவ்வொருவரும் ஒரு குட்டி முற்றுரிமையாளர். பக்கத்துப் பைகளைப் பொறுத்தவரை போட்டியாளர். இந்தக் கலவைக்குத்தான் முற்றுரிமைப் போட்டி என்று பெயர். எட்வர்ட் சேம்பர்லின் 1933-இல் இதை ஒரு தனிச் சந்தை வகையாகவே விளக்கினார். பொருளைச் செய்யும் செலவு வேறு, அதற்கு ஆள் சேர்க்கும் செலவு வேறு என்று பிரித்துப் பார்த்ததும் அவர்தான்.

இந்தச் சந்தையில் ஒரு நிறுவனத்தின் கையில் இரண்டு திருகுகள் இருக்கின்றன. ஒன்று விலை, இன்னொன்று விளம்பரம். ஒன்றைத் திருகும்போது மற்றது எங்கே நிற்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: விலையை ஒரு அறையிலும் விளம்பரத்தை வேறொரு அறையிலும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.

## நெகிழ்ச்சி: இழுத்தால் எவ்வளவு நீளும்?

ஒரு ரப்பர் வளையத்தை இழுத்தால் நிறைய நீளும். அதே பலத்தில் கயிற்றை இழுத்தால் நீளாது. பொருளியலில் நெகிழ்ச்சி என்பதும் இதுதான்: ஒன்றை 1 சதவீதம் மாற்றினால் மற்றொன்று எத்தனை சதவீதம் மாறும் என்ற எண்.

விலையை 1 சதவீதம் ஏற்றினால் விற்கும் எண்ணிக்கை 4 சதவீதம் குறைகிறது என்றால், விலை நெகிழ்ச்சி 4. (கணக்குப்படி அது −4. குறைகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் கழித்தல் குறியை விட்டுவிடுகிறேன்.) விளம்பரச் செலவை 1 சதவீதம் கூட்டினால் எண்ணிக்கை 0.2 சதவீதம் கூடுகிறது என்றால், விளம்பர நெகிழ்ச்சி 0.2.

இரண்டும் ஒரே அளவில் இல்லாததைக் கவனியுங்கள். விலைக்கு வாங்குபவர் துள்ளுகிறார். விளம்பரத்துக்கு லேசாகத் தலையைத் திருப்புகிறார். உலகெங்கும் இப்படித்தான் இருக்கிறது. பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்த இரண்டு தொகுப்புகள் உண்டு. 2005-இல் வந்த ஒன்றில் பிராண்ட்களின் விலை நெகிழ்ச்சிச் சராசரி 2.62. 2011-இல் வந்த மற்றொன்றில் விளம்பரத்தின் குறுகிய கால நெகிழ்ச்சிச் சராசரி 0.12. ஆகவே விளம்பரத்தை இரட்டிப்பாக்கினால் விற்பனையும் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால், அவர் நெகிழ்ச்சி 1 என்று சொல்கிறார். அப்படி ஒரு எண்ணைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: விலை நெகிழ்ச்சி, விலைக்கு வாங்குபவர் எவ்வளவு அசைகிறார் என்பது. விளம்பர நெகிழ்ச்சி, விளம்பரத்துக்கு எவ்வளவு அசைகிறார் என்பது. முதலாவது பெரிய எண், இரண்டாவது சிறிய எண்.

## முதல் திருகு: விலை

நம் முதுகுப்பை நிறுவனத்துக்கு எண்கள் கொடுப்போம். எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை, எண்கள் மட்டும் போதும். ஒரு பையின் விலை 100. கூடுதலாக ஒரு பை செய்து விற்க ஆகும் செலவு 75. இதற்கு இறுதிநிலைச் செலவு என்று பெயர். துணி, தையல் கூலி, அனுப்பும் செலவு எல்லாம் இதில் அடக்கம். ஆண்டுக்கு 10,000 பைகள் விற்கின்றன. விலை நெகிழ்ச்சி 4.

ஒவ்வொரு பையிலும் மிஞ்சுவது 25. இந்த மிச்சத்தை மார்ஜின் என்போம். மொத்த மார்ஜின் 2,50,000.

விலையை 99 ஆக்கினால் 400 பைகள் கூடுதலாகப் போகும். ஆனால் ஒவ்வொரு பையிலும் 24-தான் மிஞ்சும்: 10,400 × 24 = 2,49,600. விலையை 101 ஆக்கினால் 400 பைகள் குறையும், மார்ஜின் 26 ஆகும்: 9,600 × 26 = 2,49,600. இறக்கினாலும் 400 நட்டம், ஏற்றினாலும் 400 நட்டம். ஆக, 100-தான் சரியான விலை.

இது நான் எண்களைப் பொறுக்கி எடுத்ததால் வந்த தற்செயல் இல்லை. சரியான விலையில் நிற்கும்போது, விலையில் மார்ஜினின் பங்கு எப்போதும் 1 ÷ விலை நெகிழ்ச்சி ஆக இருக்கும். நெகிழ்ச்சி 4 என்றால் மார்ஜின் நாலில் ஒன்று, 25 சதவீதம். நெகிழ்ச்சி 2 என்றால் பாதி. வாங்குபவர் எவ்வளவு எளிதில் ஓடிப்போவாரோ, அவ்வளவு மெல்லிய மார்ஜினில்தான் விற்க முடியும் என்பதன் எண் வடிவம் இது.

விளம்பரத்தைப் பற்றி எழுதவந்து விலையில் இவ்வளவு நேரம் நின்றதற்குக் காரணம் உண்டு. விளம்பரம் கொண்டுவரும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் நமக்கு 100 கொண்டுவருவதில்லை, 25-தான் கொண்டுவருகிறார். அந்த 25-ஐத் தீர்மானிப்பது விலை நெகிழ்ச்சி.

## இரண்டாம் திருகு: விளம்பரம்

விருந்துக்கு அழைப்பிதழ் அச்சடிக்கிறீர்கள். ஒரு அழைப்பிதழின் செலவு என்ன? தாளும் மையும் மட்டுமா? அழைப்பைப் பார்த்து வந்தவருக்குச் சாப்பாடு போட வேண்டாமா? அழைப்பிதழை மட்டும் கணக்கில் எழுதிவிட்டுச் சமையல் செலவை மறந்தால் விருந்து முடியும்போது தலை சுற்றும்.

விளம்பரமும் அப்படித்தான். விளம்பரத்துக்குச் செலவிடும் பணம் அழைப்பிதழ். அதைப் பார்த்து வருபவருக்கு ஒரு பை செய்து கொடுக்க ஆகும் 75, சமையல் செலவு. "ஒன்று போட்டோம், மூன்று வந்தது" என்பவர் அழைப்பிதழ் செலவை மட்டும் எழுதியிருக்கிறார்.

அப்படியானால் எப்போது நிறுத்துவது? செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் போல: முதல் குடம் செடியைக் காப்பாற்றும், இரண்டாவது கொஞ்சம் வளர்க்கும், பத்தாவது தரையில் ஓடும். விளம்பரத்தின் பலனும் போகப் போகத் தேய்கிறது. கடைசியாகக் கூட்டிய ஒன்று, மார்ஜினாக ஒன்றைத் திருப்பித் தரும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் நிறுத்தினால் லாபத்தை விட்டுவிடுகிறோம். தாண்டினால் தரையில் ஊற்றுகிறோம்.

நம் நிறுவனம் ஆண்டுக்கு 50,000 விளம்பரத்துக்குச் செலவிடுகிறது, விளம்பர நெகிழ்ச்சி 0.2 என்று கொள்வோம். அது சரியான இடமா? விளம்பரத்தை 1 சதவீதம், அதாவது 500 கூட்டிப் பார்ப்போம். விற்பனை 0.2 சதவீதம், அதாவது 20 பைகள் கூடும். 20 பைகளின் மார்ஜின் 20 × 25 = 500. போட்டது 500, மார்ஜினாக வந்தது 500. சரியாக நிறுத்த வேண்டிய இடம்.

## இப்போது விதி

மேலே செய்த சோதனையைப் பொதுவாக எழுதினால் இப்படி வரும்:

விளம்பரச் செலவு = விளம்பர நெகிழ்ச்சி × மொத்த மார்ஜின்

0.2 × 2,50,000 = 50,000. எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும். விற்பனையால் மிஞ்சும் பணத்தில் எத்தனை பங்கை விளம்பரத்துக்குத் திருப்பிவிடுவது என்ற கேள்விக்கு, விளம்பர நெகிழ்ச்சி எவ்வளவோ அவ்வளவு பங்கு என்று பளிச்சென்று பதில் சொல்கிறது.

விலையும் சரியான இடத்தில் இருந்தால், மொத்த மார்ஜின் என்பது வருவாய் ÷ விலை நெகிழ்ச்சி என்று முன்பே பார்த்தோம். அதை இங்கே பொருத்தினால் டார்ஃப்மன்–ஸ்டைனர் விதி வந்துவிடுகிறது:

விளம்பரச் செலவு ÷ வருவாய் = விளம்பர நெகிழ்ச்சி ÷ விலை நெகிழ்ச்சி

0.2 ÷ 4 = 0.05. வருவாய் 10,00,000; அதில் 5 சதவீதம் 50,000. "5 சதவீதம்தான் வழக்கம்" என்றவர் தற்செயலாகச் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த 5 தொழிலின் வழக்கத்திலிருந்து வரவில்லை, இரண்டு நெகிழ்ச்சிகளிலிருந்து வருகிறது. அவற்றில் ஒன்று மாறினால் 5-உம் மாறும்.

பலருக்கு இடறும் இடம் வகுக்கும் எண். வாங்குபவர் விலைக்குத் துள்ளுகிறார் என்றால் போட்டி கடுமை, அப்போது விளம்பரத்தை அதிகமாக்க வேண்டாமா என்று தோன்றும். விதி நேர்மாறாகச் சொல்கிறது. துள்ளுபவர் அதிகம் என்றால் மார்ஜின் மெல்லியது, விளம்பரம் கொண்டுவரும் ஒவ்வொருவரிடமும் கிடைப்பது கொஞ்சம், ஆகவே அவரைக் கொண்டுவரக் கொஞ்சம்தான் செலவிட முடியும். விலை நெகிழ்ச்சி எல்லையில்லாமல் போனால் விகிதம் பூஜ்யமாகிறது. அதுதான் நாம் தொடங்கிய கோதுமை விவசாயி.

சுருக்கமாக: விளம்பர நெகிழ்ச்சி கூடினால் விகிதம் கூடும். விலை நெகிழ்ச்சி கூடினால் விகிதம் குறையும், ஏனென்றால் மார்ஜின் குறைகிறது.

## ஒன்றுக்கு மூன்று ஏன் போதாது?

கைதட்டல் வாங்கியவரிடம் திரும்புவோம். நம் நிறுவனத்தில் ஒருவர் விளம்பரத்தை 50,000-இலிருந்து 80,000 ஆக்குகிறார். நெகிழ்ச்சி 0.2 மாறாமல் இருந்தால் விற்பனை 10,986 பைகளாகும். கூடுதல் வருவாய் 98,600, கூடுதல் விளம்பரம் 30,000. ஒன்றுக்கு மூன்றேகால்! வரைபடம் போட்டுக் காட்டலாம்.

இனிச் சமையல் செலவு. 986 பைகள் செய்ய 73,950 ஆகிறது. மிஞ்சுவது 24,650. அதற்காகச் செலவிட்டது 30,000. லாபம் 5,350 குறைந்துவிட்டது.

ஒன்றுக்கு எத்தனை வந்தால் சரி? மார்ஜின் 25 சதவீதம் என்றால், ஒன்றைத் திருப்பி எடுக்க வருவாய் 4 வர வேண்டும். அதாவது கடைசியாகப் போட்ட ஒன்றுக்கு வர வேண்டிய வருவாயும் விலை நெகிழ்ச்சியும் ஒரே எண். நெகிழ்ச்சி 2 உள்ள பொருளுக்கு ஒன்றுக்கு இரண்டு வந்தாலே போதும். அங்கே மூன்று வந்தால் விளம்பரத்தை இன்னும் கூட்டலாம். 6 உள்ள பொருளுக்கு ஒன்றுக்கு ஐந்து வந்தாலும் நட்டம்தான். ஆகவே "ஒன்றுக்கு மூன்று" நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு, விலை நெகிழ்ச்சி தெரியாமல் பதிலே கிடையாது.

இதில் இன்னொரு குழி இருக்கிறது, ஆழமானது. 80,000 விளம்பரத்தோடு மொத்த வருவாய் 10,98,600. மொத்தத்தை மொத்தத்தால் வகுத்தால் ஒன்றுக்கு 13-க்கும் மேலே வருகிறது. விளம்பர அறிக்கைகளில் பெரும்பாலும் இந்தச் சராசரி எண்தான் இருக்கும். சரியான இடமான 50,000-இல் சராசரி ஒன்றுக்கு 20. அப்போதும் கடைசியாகப் போட்ட ஒன்று கொண்டுவந்தது 4-தான். சராசரியைப் பார்த்து, 13 வருகிறதே, இன்னும் போடலாம் என்று முடிவு செய்வது, முதல் குடத்தின் புண்ணியத்தைப் பத்தாவது குடத்தின் கணக்கில் எழுதுவது.

## விலை நம் கையில் இல்லாவிட்டால்?

விதியில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: விலையும் சரியான இடத்தில் இருக்கிறது என்பது. ஒப்பந்தத்தாலோ பழைய விலைப்பட்டியலாலோ விலை கட்டப்பட்டிருந்தால், வகுக்கும் எண்ணை நம்பக் கூடாது. நம் பையின் நெகிழ்ச்சி 4 ஆக இருந்தும் ஏதோ காரணத்தால் 90-க்கு விற்கிறோம் என்றால் மார்ஜின் 15. அது விலையில் ஆறில் ஒரு பங்கு, நாலில் ஒன்று இல்லை. அப்போது முதல் வடிவத்துக்குப் போய்விடுங்கள்: விளம்பர நெகிழ்ச்சி × உண்மையான மொத்த மார்ஜின். அதற்கு விலை சரியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

இதை வைத்து ஒரு எச்சரிக்கையும் சொல்லலாம். அளந்து பார்த்ததில் விலை நெகிழ்ச்சி 0.8 என்று வந்தால், வகுத்துப் பார்த்து வருவாயில் 25 சதவீதம் விளம்பரத்துக்கு என்று குதிக்காதீர்கள். 1-க்குக் கீழே நெகிழ்ச்சி என்றால் விலையை ஏற்றினால் வருவாய் கூடும், செய்யும் செலவு குறையும். முதலில் விலையைப் பாருங்கள், இல்லாவிட்டால் அளவையைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் இங்கே நடந்திருப்பது ஆள்மாறாட்டம்: முதுகுப்பை என்ற முழு வகையின் நெகிழ்ச்சியை எடுத்துத் தன் ஒரு பிராண்டின் நெகிழ்ச்சி என்று போட்டிருப்பார்கள். எல்லாப் பைகளும் விலை ஏறினால் மக்கள் எங்கே போவார்கள்? ஆனால் என் பை மட்டும் ஏறினால் பக்கத்துப் பைக்குப் போவார்கள். விதிக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்.

## விளம்பரம் விலை நெகிழ்ச்சியையே மாற்றினால்?

இதுவரை இரண்டு நெகிழ்ச்சிகளையும் தனித்தனியாக வைத்துப் பேசினோம். நடைமுறையில் ஒன்று மற்றொன்றைத் தொடும். "இந்தப் பைக்கு ஈடு இல்லை" என்று மனதில் பதியவைக்கும் விளம்பரம், வாங்குபவரின் துள்ளலைக் குறைக்கலாம். நெகிழ்ச்சி 4-இலிருந்து 3 ஆனால், 75 செலவுள்ள பையின் சரியான விலை 112.50 ஆகிறது, விகிதம் 5 சதவீதத்திலிருந்து 6.7-க்கு நெருங்குகிறது.

நேர்மாறாகவும் நடக்கும். யார் எவ்வளவுக்கு விற்கிறார்கள் என்று சொல்லும் விளம்பரம் ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது, துள்ளலைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் அன்று சில மாநிலங்கள் மூக்குக்கண்ணாடி விளம்பரத்துக்குத் தடை போட்டிருந்தன, சில போடவில்லை. லீ பென்ஹம் 1972-இல் இரண்டையும் ஒப்பிட்டபோது தடை இருந்த மாநிலங்களில்தான் கண்ணாடி விலை அதிகம் என்று தெரிந்தது. விளம்பரச் செலவு கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விடியும், அதனால் விளம்பரம் விலையை ஏற்றும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களுக்கு இது ஒரு நல்ல இடைஞ்சல்.

புதியவர்கள் சந்தைக்குள் வரும்போதும் வகுக்கும் எண் நகரும். நம் நிறுவனத்தின் மார்ஜின் 2,50,000-இல் விளம்பரம் போக 2,00,000 மிஞ்சுகிறது. வாடகை, நிர்வாகம் போன்ற நிலைச் செலவுகள் அதைவிடக் குறைவாக இருந்தால் லாபம் இருக்கிறது என்று அர்த்தம். லாபம் இருந்தால் ஆள் வரும். பை வகைகள் பெருகப் பெருக, நம் பைக்கு மாற்று கிடைப்பது எளிதாகும். நெகிழ்ச்சி 4-இலிருந்து 5 ஆனால் மார்ஜின் 20 சதவீதத்துக்கும், விளம்பர விகிதம் 4 சதவீதத்துக்கும் இறங்கும். பழைய 5-ஐப் பிடித்துக்கொண்டிருப்பவர் தெரியாமலேயே அதிகம் செலவிடுவார்.

போட்டியாளர்கள் இரண்டு மூன்று பேரே இருந்தால் நிலைமை வேறு. நான் விளம்பரத்தைக் கூட்டினால் அவரும் கூட்டுவார், என் விளம்பரத்தின் பலன் பாதி கரையும். நிறையப் பேர் இருக்கும் முற்றுரிமைப் போட்டியில் ஒருவர் செய்வதை மற்றவர் உற்றுக் கவனித்துப் பதிலடி கொடுப்பதில்லை என்பதால்தான் இந்த எளிய விதி இங்கே சரியாகப் பொருந்துகிறது.

## எண்களை எங்கே பிடிப்பது?

விதி சுலபம், எண்கள் சுலபமில்லை. விலை நெகிழ்ச்சிக்காவது மார்ஜின் ஒரு தடயம் கொடுக்கிறது. விளம்பர நெகிழ்ச்சியில்தான் பெரும்பாலும் ஏமாற்றம்.

விற்பனை நன்றாக நடக்கும் மாதங்களில்தான் எல்லோரும் விளம்பரத்தையும் கூட்டுகிறார்கள். பள்ளி திறக்கும் சமயத்தில் பை விளம்பரமும் கூடும், பை விற்பனையும் கூடும். இரண்டையும் ஒரு வரைபடத்தில் போட்டால் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், நெகிழ்ச்சி 0.6, 0.8 என்று வரும். விளம்பரம் இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்குப் பை வாங்கியிருப்பார்கள் என்பது அந்த வரைபடத்தில் தெரியாது.

வருவாயில் இத்தனை சதவீதம் என்று விளம்பரத்தை ஒதுக்கும் வழக்கம் இதை இன்னும் குழப்புகிறது. விற்பனை கூடினால் விளம்பரம் தானாகக் கூடும். பிறகு அந்தக் கணக்கையே எடுத்து, பார்த்தீர்களா, விளம்பரம் கூடியபோது விற்பனையும் கூடியிருக்கிறது என்பார்கள். எது எதை இழுத்தது?

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. இன்று பார்த்த விளம்பரம் அடுத்த ஆண்டு பை கிழியும்போதும் நினைவுக்கு வரலாம். மேலே சொன்ன 2011 தொகுப்பிலேயே, நீண்ட கால நெகிழ்ச்சியின் சராசரி 0.24; குறுகிய காலத்தின் இரட்டிப்பு. ஒரே மாதத்து விற்பனையை மட்டும் பார்த்து அளந்தால் விளம்பரத்தைக் குறைத்து மதிப்பிடுவோம்.

நம்பத்தகுந்த வழி ஒன்றுதான்: சீட்டுக் குலுக்கியதுபோல் தேர்ந்த சில ஊர்களில் விளம்பரத்தை நிறுத்தி, மற்ற ஊர்களில் தொடர்ந்து, இரண்டையும் ஒப்பிடுவது. ஈபே நிறுவனத்தில் தேடுபொறி விளம்பரங்களை இப்படி நிறுத்திப் பார்த்த சோதனைகள் 2015-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன. ஈபே என்ற பெயரைத் தட்டித் தேடுபவர்களுக்குக் காட்டிய கட்டண விளம்பரத்தை நிறுத்தியபோது, வர வேண்டியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கீழே இருந்த இலவச இணைப்பு வழியாக வந்துவிட்டார்கள். அதற்கு முன் அந்த விளம்பரத்தைச் சொடுக்கியவர்கள் வாங்கியதெல்லாம் விளம்பரத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். வாசலில் நிற்பவரிடம் அழைப்பிதழைக் கொடுத்துவிட்டு, அழைப்பால் வந்தார் என்று எழுதிய கணக்கு அது.

## பிழை எவ்வளவு வலிக்கும்?

நெகிழ்ச்சிகளைத் துல்லியமாக அளக்க முடியாது என்றால் விதியால் என்ன பயன் என்று கேட்கலாம். நம் பை நிறுவனத்தையே வைத்துப் பார்ப்போம். 50,000 விளம்பரத்தில், விளம்பரம் போக மார்ஜின் 2,00,000. பயந்துபோய் 40,000 மட்டும் செலவிட்டிருந்தால் 9,564 பைகள் விற்று 1,99,100 மிஞ்சியிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு விளம்பரத்தை வெட்டியும் இழப்பு அரை சதவீதத்துக்கும் குறைவு. 30,000-க்கு இறங்கினால் 1,95,725. மலை உச்சி கூர்மையாக இல்லை, மேடு போல் தட்டையாக இருக்கிறது. உச்சியைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி நின்றாலும் உயரம் பெரிதாகக் குறைவதில்லை.

இதனால் சிறிய அளவைப் பிழைகள் மன்னிக்கப்படுகின்றன. உண்மையான விளம்பர நெகிழ்ச்சி 0.15 ஆக இருந்து, நாம் 0.2 என்று நம்பி 50,000 செலவிட்டால், சரியான இடம் ஏறத்தாழ 36,000. இழப்பு 1 சதவீதம்கூட இல்லை. 4.6 சதவீதமா 5.1 சதவீதமா என்று கூட்டத்தில் மணிக்கணக்காகச் சண்டை போடுவதில் பயனில்லை.

பெரிய பிழை அப்படியில்லை. விளம்பரம் வாசலில் நிற்பவர்களையே அழைத்துக்கொண்டிருந்து, உண்மை நெகிழ்ச்சி 0.02 என்று வைத்துக்கொள்வோம். அப்போது செலவிட வேண்டியது சுமார் 4,800-தான். 50,000 செலவிட்டுக்கொண்டிருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 34,000 வீணாகப் போகிறது, லாபத்தில் ஏழில் ஒரு பங்கு. அறிக்கையிலோ ஒன்றுக்கு 20 என்ற பழைய சராசரி மாறாமல் அப்படியே இருக்கும்.